கர்ப்பிணியின் கடும் வாந்தி: கீட்டோன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி: "தாலுகா ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்து சில மாதம் ஆகிறது. கர்ப்பிணிகள் ஓயாத வாந்தியோடு வந்தால் யூரின் கீட்டோன் பார்த்து, டிஎன்எஸ் ஏற்றி, கீட்டோன் நெகட்டிவ் ஆனதும் அனுப்பிவிடுகிறோம். அதில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். நான் எதைத் தவறவிடுகிறேன்? கேஸ் ஷீட்டில் என்னதான் எழுத வேண்டும்?"

கீட்டோன் ஸ்ட்ரிப் உங்களிடம் சொல்வது ஒரே விஷயம்: இந்தப் பெண்ணின் உடம்பு மாவுச்சத்து கிடைக்காமல் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கிறது. உடம்பில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, உப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன, நாளைக்கு அவரால் சாப்பிட முடியுமா என்பதையெல்லாம் அது சொல்லாது. கர்ப்பத்தில் ஒரு இரவு பட்டினி கிடந்தாலே கீட்டோன் வந்துவிடும். டிஎன்எஸ்ஸில் இருக்கிற டெக்ஸ்ட்ரோஸ் உள்ளே போனதும் கொழுப்பு எரிவது குறைந்து, ஸ்ட்ரிப்பின் நிறமும் வெளுக்கும். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது, சுமாராக நூறு கலோரி. அதாவது நெகட்டிவ் ஆனது நீங்கள் ஏற்றிய சர்க்கரையால். அவர் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. அந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரத்தான் செய்வார்.

இது என்னுடைய சொந்தக் கருத்து மட்டும் இல்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் மகப்பேறு வழிகாட்டுதல் 2024-இல் திருத்தப்பட்டபோது, கீட்டோனை வைத்து நீர்ச்சத்துக் குறைவையோ நோயின் கடுமையையோ மதிப்பிடக் கூடாது என்று தெளிவாகவே எழுதினார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்ட்ரிப் அசிட்டோஅசிடேட்டை மட்டும்தான் பிடிக்கும். பட்டினியில் அதிகம் சேருகிற பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதில் தெரியாது. உடம்பு தேறிவரும்போது அது அசிட்டோஅசிடேட்டாக மாறுவதால், அப்போதும் சில நேரம் ஸ்ட்ரிப் பாசிட்டிவாகவே நிற்கும். இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடிய ஒன்றை டிஸ்சார்ஜுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் ஸ்ட்ரிப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு கேள்விக்காக. கீட்டோன் 4+ என்றால் உடனே விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை அதிகம் என்றால் இது வெறும் மசக்கை இல்லை, நீரிழிவு கீட்டோஅசிடோசிஸாக இருக்கலாம். ஏற்கெனவே இன்சுலின் போடுகிற பெண்ணாக இருந்தால், கர்ப்பத்தில் சர்க்கரை ஓரளவு சரியாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறதா என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வாந்தியால் அமிலம் வெளியே போனால் ரத்தத்தில் பைகார்பனேட் கூடத்தான் வேண்டும். அது குறைந்திருந்தால் ஏதோ சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.

சரி, கேஸ் ஷீட்டுக்கு வருகிறேன். நான் பார்த்தவர்களின் சாயலில் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன், எழுதும் முறை புரியும். 24 வயது, இரண்டாவது கர்ப்பம், 10 வாரம். ஆறாவது வாரத்திலிருந்தே வாந்தி, கடைசி இரண்டு வாரமாகக் கடுமை. "சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடுது" என்கிறார். பெரும்பாலான கேஸ் ஷீட்டில் இதற்கு எதிரே "உணவு குறைவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை. நேற்று காலை விழித்ததிலிருந்து இன்று காலை வரை என்ன உள்ளே போனது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வெளியே வந்தது என்று நேரவாரியாகக் கேளுங்கள். காலை 7 மணி அரை டம்ளர் காபி, உடனே வாந்தி. 10 மணி ஒரு இட்லி, பத்து நிமிடத்தில் வாந்தி. மதியம் நாலு கரண்டி ரசம் சாதம், அரை மணி நேரம் தங்கியது. மாலையில் எலுமிச்சை ஜூஸ் ஒரு டம்ளர், பாதி வெளியே வந்தது. இரவு ஒன்றுமில்லை. வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டு மில்லியாக மாற்றினால், 24 மணி நேரத்தில் தங்கியது சுமார் 150 மில்லியும் ஒரு கைப்பிடிச் சோறும் என்று தெரியும். கூடவே, இப்படி எத்தனை நாளாக என்பதையும் எழுதுங்கள். இவருக்கு 14 நாள். பின்னால் தயமின் கொடுப்பதா, உணவை எந்த வேகத்தில் கூட்டுவது என்ற இரண்டு முடிவும் இந்த எண்ணை வைத்துத்தான்.

வாந்தியின் கடுமைக்கு பியூக் ஸ்கோர் போடுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் குமட்டல் எத்தனை மணி நேரம், வாந்தி எத்தனை தடவை, ஒன்றும் வராத ஓங்கரிப்பு எத்தனை தடவை என்று மூன்றே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 6 வரை லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13-உம் அதற்கு மேலும் கடுமை. இவருக்கு நாள் முழுக்கக் குமட்டல் 5, ஏழுக்கு மேல் வாந்தி 5, ஐந்தாறு ஓங்கரிப்பு 4, மொத்தம் 14. இந்த எண்ணை மறுநாளும் அதே முறையில் எழுதினால் மருந்து வேலை செய்கிறதா என்பது ரவுண்ட்ஸில் ஒரே பார்வையில் தெரியும். ஸ்கோர் குறைவாக இருந்தும் எதுவும் தங்கவில்லை, எடை இறங்குகிறது என்றால் எடையைத்தான் நம்ப வேண்டும்.

எடைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான எண். அதில்தான் அதிகம் கவனக்குறைவு நடக்கிறது. கர்ப்பத்துக்கு முந்தைய எடை பல பெண்களுக்குத் தெரியாது. அப்போது தாய் சேய் நல அட்டையில் பதிவின்போது போட்ட எடையை எடுத்து, "பதிவு எடை, எத்தனையாவது வாரம்" என்று சேர்த்தே எழுதுங்கள். இவருக்கு 6-வது வாரத்தில் 52 கிலோ, இன்று 47.5. குறைந்தது 4.5 கிலோ. அதை 52-ஆல் வகுத்தால் 8.7 சதவீதம். ஐந்து சதவீதத்துக்கு மேல் என்றாலே கவலைப்பட வேண்டிய அளவு. வார்டில் ஒரே தராசு, ஒரே நேரம், செருப்பில்லாமல், சிறுநீர் போன பிறகு. இன்னொன்று: மூன்று லிட்டர் ஏற்றிய மறுநாள் எடை 49 என்று காட்டும். அது தண்ணீர். அதைப் பார்த்து "எடை கூடுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். "நீரேற்றத்துக்குப் பிந்தைய எடை" என்று தனியாகக் குறித்துக்கொண்டு, அதையே புதிய அடிப்படையாக வையுங்கள். இனிமேல் உணவால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

நீர்ச்சத்துக்கு நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், நாக்கு, கடைசியாகச் சிறுநீர் போன நேரம் போதும். இவருக்கு நாடி 116, அழுத்தம் 96/60, எழுந்து நின்றால் தலைசுற்றல், நேற்று இரவுக்குப் பிறகு சிறுநீர் இல்லை. காய்ச்சல், வயிற்று வலி, மஞ்சள் காமாலை, தலைவலி, கழுத்தில் வீக்கம் எதுவும் இல்லை என்பதையும் எழுதுங்கள். "இல்லை" என்று எழுதியிருந்தால்தான் கேட்டுப் பார்த்தீர்கள் என்று அடுத்த டாக்டருக்குத் தெரியும். வாந்தி 16 வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கியிருந்தால் மசக்கை என்ற முடிவுக்கே போகாதீர்கள். குடல், பித்தப்பை, சிறுநீரகத் தொற்று, தலைக்குள் அழுத்தம் என்று தேட வேண்டும்.

ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின், சர்க்கரை, ஹீமோகுளோபின், கல்லீரல் என்சைம். கிடைத்தால் மெக்னீசியமும் பாஸ்பரஸும். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை ஸ்கேன் எடுக்காதவர் என்றால் இரட்டைக் குழந்தையா, முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று பார்க்க ஒரு ஸ்கேன். கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடியிருப்பதும், டிஎஸ்ஹெச் குறைந்திருப்பதும் இந்த நிலையில் அடிக்கடி காண்பவை. கழுத்துக் கட்டியோ தைராய்டு அறிகுறியோ இல்லாதவருக்கு டிஎஸ்ஹெச் மட்டும் குறைந்திருப்பதைப் பார்த்து தைராய்டு மருந்து தொடங்க வேண்டாம். நம் நோயாளிக்கு சோடியம் 129, பொட்டாசியம் 2.9, சர்க்கரை 78, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீர் கீட்டோன் 4+. பொட்டாசியம் இவ்வளவு குறைந்தால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஒண்டான்செட்ரான் கொடுக்கும் முன் அது கட்டாயம், ஏனென்றால் இரண்டுமே இதயத்துடிப்பின் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியவை.

இப்போது ட்ரிப். முதல் பாட்டில் நார்மல் சலைன், டெக்ஸ்ட்ரோஸ் இல்லாமல். இதற்குக் காரணம் தயமின் என்கிற பி1 வைட்டமின். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். பதினாலு நாள் சாப்பிடாத பெண்ணுக்கு அது ஏறக்குறைய காலி. சர்க்கரையை எரிக்கத் தயமின் வேண்டும். மீதி இருக்கிற கொஞ்சத்தையும் டெக்ஸ்ட்ரோஸ் இழுத்துக்கொண்டால் மூளை பாதிக்கப்பட்டு வெர்னிக்கி என்செஃபலோபதி வரலாம். குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரும் என்று படித்திருப்பீர்கள். நிஜத்தில் பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். "ரெண்டு ரெண்டா தெரியுது", "எழுந்தா தள்ளுது" என்பதைச் சோர்வு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதனால் தினமும் விரலைக் காட்டிக் கண் அசைவைப் பார்த்து, பத்தடி நடக்கவைத்து, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். தயமின் 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை நரம்பு வழியாகத் தொடங்கி, அப்படியே மேல்மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாத நம் நோயாளிக்குத் தடுப்பு அளவு போதும்: 100 மில்லிகிராம் தயமின், 100 மில்லி சலைனில் கலந்து அரை மணி நேரத்தில். வார்டில் "விட்டமின் போட்டாச்சு டாக்டர்" என்று சொன்னால் ஆம்பூலின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாட்டில் மஞ்சளாக மாறுவது ரைபோஃபிளேவினால். அந்த நிறத்தை வைத்துத் தயமின் எத்தனை மில்லிகிராம் போனது என்று சொல்ல முடியாது. பல பி-காம்ப்ளக்ஸ் ஊசிகளில் தேவையான அளவு இருக்காது.

முதல் லிட்டர் சலைன் இரண்டு மணி நேரத்தில். சிறுநீர் வந்த பிறகு இரண்டாவது லிட்டரில் பொட்டாசியம். நம்மிடம் வருகிற 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் பொதுவாக 20 மில்லிமோல் இருக்கும், லேபிளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 500 மில்லி பாட்டிலுக்கு ஒரு ஆம்பூல், நன்றாகக் கலக்கி, ஒவ்வொரு பாட்டிலும் மூன்று மணி நேரம். அப்படிப் போட்டால் மணிக்கு ஏழு மில்லிமோலுக்குள் போகும். வார்டில் மணிக்கு பத்தைத் தாண்ட வேண்டாம். ஆம்பூலை நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் "கலந்து மட்டும்" என்று ஆர்டரிலேயே எழுதுவது என் வழக்கம். எட்டு மணி நேரம் முடிந்ததும் சோடியமும் பொட்டாசியமும் திரும்பப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு மூன்றாவது லிட்டர் எட்டு மணி நேரத்தில். சோடியம் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாக ஏறினால் மூளைத்தண்டில் நிரந்தரச் சேதம் வரலாம். உடம்பில் தண்ணீர் நிரம்பியதும் திடீரென்று நிறைய சிறுநீர் போகத் தொடங்குவார்கள், அப்போதுதான் சோடியம் எகிறும். அதனால் சிறுநீரை ஒரு மக்கில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். "யூரின் போயிருக்காங்க" என்று எழுதுவது போதாது. இவர் எடைக்கு மணிக்குக் குறைந்தது 25 மில்லி வர வேண்டும்.

வாந்தி மருந்தை வாந்தி வந்த பிறகு கொடுப்பதைவிட, நேரப்படி கொடுப்பதுதான் பலன் தரும். மெட்டோகுளோப்ரமைடு அல்லது புரோமெத்தசின் ஊசியில் தொடங்கலாம். மெட்டோகுளோப்ரமைடு ஐந்து நாளைத் தாண்ட வேண்டாம், தாடையோ கழுத்தோ இழுத்தால் நிறுத்துங்கள். ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதத்தில் கொடுப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பெரிய ஆய்வில் உதடு-அண்ணப் பிளவு பத்தாயிரம் பிறப்புக்கு 11 என்பது 14 ஆகக் கூடியது, மற்ற ஆய்வுகளில் எல்லாம் அப்படி வரவில்லை. மற்ற மருந்துகள் கேட்காதபோது, இதைச் சொல்லி, நோயாளியின் சம்மதத்தோடு நான் கொடுக்கிறேன். பொட்டாசியம் சரியான பிறகுதான். மலச்சிக்கல் வரும், அது குமட்டலைக் கூட்டும், அதையும் கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், ஃபோலிக் அமிலத்தைத் தொடருங்கள். படுத்தே கிடக்கிற, நீர் வற்றிய கர்ப்பிணிக்கு ரத்தக்கட்டு அபாயம் உண்டு என்பதால் ஹெப்பாரின் ஊசி பற்றி உங்கள் மகப்பேறு நிபுணரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.

உணவைப் பற்றித்தான் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் மிகக் குறைவாக எழுதுகிறோம். உங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவர்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. 24 மணி நேரம் வாயில் ஒன்றும் கொடுக்காதே என்ற பழைய வழக்கம் இவர்களுக்குத் தேவையில்லை. மருந்து போட்டு நாலைந்து மணி நேரம் வாந்தி இல்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் ஓஆர்எஸ் அல்லது உப்புப் போட்ட மோர். அது தங்கினால் மருந்து கொடுத்த அரை மணி நேரத்துக்குப் பிறகு பாதி இட்லி, பொரி, ரஸ்க், ஆறிய கஞ்சி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டும், ஆறியது பலருக்கு ஒத்துக்கொள்ளும். திடப்பொருளையும் திரவத்தையும் அரை மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள். என்ன பிடிக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். "சத்தானது" என்று வீட்டார் திணிக்கிற பாலும் முட்டையும் இந்த வாரம் கட்டாயம் இல்லை.

ஆனால் வாந்தி நின்ற சந்தோஷத்தில் ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுத்துவிடவும் கூடாது. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு உணவு திடீரென்று போனால் இன்சுலின் ஏறி, பாஸ்பரஸும் பொட்டாசியமும் மெக்னீசியமும் செல்லுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சரிந்துவிடும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். திடீர் மூச்சுத்திணறல், கால்வீக்கம், படபடப்பு, தசை பலவீனம் என்று மூன்றாம் நான்காம் நாளில் வரும். நம் நோயாளிக்கு 14 நாள் பட்டினி, பொட்டாசியமும் குறைவு. அதனால் முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது சுமார் 475. ஒரு இட்லியைத் தோராயமாக 50 கலோரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு போடுவது எளிது. அடுத்த நாலு முதல் ஏழு நாளில் படிப்படியாக முழுத் தேவைக்குக் கொண்டுபோகலாம். முதல் மூன்று நாளும் தினமும் அந்த மூன்று உப்புகளையும் பாருங்கள். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் ஏறாது, தயமினும் சரியாக வேலை செய்யாது.

மூக்குக் குழாய் வழியாக உணவு எப்போது என்பதில்தான் உறுதியான கோடு எதுவும் இல்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே குழாய் போட்டுப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் குழந்தையின் எடையில் பலன் தெரியவில்லை, பல பெண்களால் குழாயைத் தாங்கவும் முடியவில்லை. எனவே வழக்கமாகப் போடுவதில்லை. மருந்தை முழு அளவில் கொடுத்தும் மூன்று நாளில் தேவையில் பாதிகூட உள்ளே போகவில்லை, நீரேற்றத்துக்குப் பிந்தைய எடையிலிருந்தும் இறங்குகிறது என்றால் குழாயைப் பற்றிப் பேசுவேன். அந்தப் பேச்சு தாலுகா அளவில் வேண்டாம், உணவு நிபுணர் இருக்கிற இடத்தில் நடக்கட்டும்.

அனுப்பும் நாளில் நான் பார்ப்பது இவை: ட்ரிப் இல்லாமல் 24 மணி நேரம் மாத்திரை, தண்ணீர், உணவு மூன்றும் தங்கியிருக்க வேண்டும். பொட்டாசியமும் சோடியமும் சரியாகியிருக்க வேண்டும், பியூக் ஸ்கோர் இறங்கியிருக்க வேண்டும். அன்று ஸ்ட்ரிப் 1+ காட்டினாலும் அனுப்பலாம். நெகட்டிவாக இருந்தும் மாத்திரை தங்கவில்லை என்றால் அனுப்பக் கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் அன்றைய எடையை எழுதி, வாய் வழி வாந்தி மருந்தை நேரப்படி தொடரச் சொல்லி, தயமின் மாத்திரையும் கொடுத்து, ஒரு வாரத்தில் எடை பார்க்க கிராம சுகாதார செவிலியருக்குக் குறிப்பு அனுப்புங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லை, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, இரட்டையாகத் தெரிகிறது, தள்ளாடுகிறது என்றால் அன்றே வரச் சொல்லுங்கள். இதைக் கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். "எல்லா பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே" என்று வீட்டிலேயே நிறுத்திவைத்து, நாலு நாள் கழித்துக் கூட்டி வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.